அமெரிக்காவுக்கான விளம்பரத்தைத் திருநெல்வேலியில் போடணும்!

செமஸ்டர் முடிந்ததும் எழுதுகிறேன் என்று போன மாதமே சொல்லியிருந்தேன். "உங்க பெரியப்பா கடை மிட்டாய் அமெரிக்கா போகுதாமே, எப்படிடா?" என்று வகுப்பில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். இதில் நான் அசடு வழிந்த இடங்களும் உண்டு. அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கவும்.

பெரியப்பாவுக்குக் கோவில்பட்டியில் சின்னக் கடை. கடலை மிட்டாய்தான் முக்கியம். கூடவே எள்ளுருண்டை, காராச்சேவு, முறுக்கு, பொடி வகைகள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஊரில் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களுக்கும் வெளிநாட்டு ஆசை வந்தது. பெரியப்பாவுக்கும் வந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஒரே ஆள் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. 2023 தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் 30,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "ஏலே, இத வச்சு வெளிநாட்டுல விளம்பரம் போடு" என்றார். அது கடை லாபத்தில் மிச்சமான பணம் இல்லை. கடலை மூட்டை வாங்க எடுத்து வைத்திருந்த பணம். எனக்கு அது அப்போது தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மலேசியா, சிங்கப்பூர், துபாய், இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று தமிழர்கள் இருக்கிற ஏழு இடங்களையும் ஒரே விளம்பரத்தில் சேர்த்து, தமிழ் சினிமா பிடித்தவர்கள் என்று குறிவைத்து, ஃபேஸ்புக்கில் விட்டேன். இரண்டே நாளில் லைக் ஆயிரத்தைத் தாண்டியது. பெரியப்பாவிடம் காட்டினேன். அவருக்கும் சந்தோஷம். மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால், 30,000-ல் ஏறக்குறைய 18,000 ரூபாய் மலேசியாவில் மட்டும் செலவாகியிருந்தது. அங்கிருந்து வந்த ஆர்டர்? முட்டை.

காரணம் இதுதான். பல நாடுகளை ஒரே கூடையில் போட்டு, "எனக்கு அதிக க்ளிக் வேண்டும்" என்று சொன்னால், விளம்பர இயந்திரம் எங்கே க்ளிக் மலிவோ அங்கேதான் பணத்தைக் கொட்டும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நான்தான் தப்பாகக் கேட்டேன். ஆர்டர் வேண்டும் என்றால் ஆர்டர் என்று கேட்க வேண்டும். நாட்டுக்கு ஒரு விளம்பரம், நாட்டுக்கு ஒரு பட்ஜெட் என்று பிரித்துப் போட வேண்டும்.

இன்னொன்றும் புரிந்தது. தமிழர்கள் நிறைய இருக்கிற ஊரும் நம் பலகாரம் தேவைப்படுகிற ஊரும் ஒன்றில்லை. மலேசியாவில் முறுக்கு சுடுகிறவர்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவுக்கு ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைக்கும். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டொரண்டோவில் ஸ்கார்பரோ பக்கமும் அப்படித்தான். அந்த வருடம் வந்த 14 ஆர்டர்களின் முகவரியை ஒவ்வொன்றாக வரைபடத்தில் பார்த்தேன். பெரும்பாலும் பக்கத்தில் தமிழ்க் கடையே இல்லாத சின்ன ஊர்கள். பல்கலைக்கழக ஊர், தொழிற்சாலை ஊர் இப்படி. அடுத்த வருடத்திலிருந்து தமிழ்க் கடைகள் அடர்த்தியாக இருக்கிற நகரங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அங்கே விளம்பரம் காட்டாதே என்று நீக்கிவிடுகிறேன்.

இடையில் ஒரு கூத்து. டொரண்டோவிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார்: "தம்பி, உங்கட படத்தில இருக்கிறது கச்சான் அல்வா தானே? பிறகேன் கடலை எண்டு போட்டிருக்கிறியள்?" எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விசாரித்தால், இலங்கைத் தமிழில் நிலக்கடலைக்குப் பெயர் கச்சான். கடலை என்றால் அவர்களுக்கு நம் கொண்டைக்கடலை. கனடாவில் இருக்கிற தமிழர்களில் பெரும்பகுதி இலங்கைத் தமிழர்கள். நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்துக் கொண்டைக்கடலையில் மிட்டாயா என்று யோசித்தவர்கள் எத்தனை பேரோ! ஒரே மொழி, ஒரே விளம்பரம் போதும் என்று நினைத்தது என் அறியாமை.

சரி, 14 ஆர்டராவது வந்ததே என்று கேட்பீர்கள். அனுப்பும்போதுதான் அடுத்த அடி விழுந்தது.

அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் ஒன்றரை கிலோ தேன்குழல் கேட்டிருந்தார். உடையாமல் போக வேண்டுமே என்று பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சுற்றிலும் காற்றுப் பை வைத்து, அட்டைப் பெட்டியில் கட்டினேன். தராசில் 2 கிலோ காட்டியது. கிலோவுக்கு 1,100 என்று 2,200 ரூபாய் வாங்கியிருந்தேன். கூரியரில் 3 கிலோவுக்கு 3,300 ரூபாய் பில் போட்டார்கள். சண்டைக்கே போய்விட்டேன். அங்கிருந்த அண்ணன் பொறுமையாக டேப்பை எடுத்து அளந்து காட்டினார்.

பெட்டி 30 செ.மீ. நீளம், 25 அகலம், 20 உயரம். மூன்றையும் பெருக்கினால் 15,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 3. இதற்குக் கன அளவு எடை என்று பெயர். விமானத்தில் எடை மட்டுமில்லை, இடமும் காசுதான். நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். அதாவது நான் தேன்குழலோடு ஒரு கிலோ காற்றையும் 1,100 ரூபாய் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினேன். அந்த ஒன்றரை கிலோவில் கடைக்கு நின்ற லாபமே 150 ரூபாய்தான்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய பால்கோவா கதை இன்னும் மோசம். அந்த நாட்டில் கால்நடை நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதால் பால் பொருளுக்கும் பால் சேர்ந்த இனிப்புக்கும் கெடுபிடி அதிகம். சுங்கத்தில் எடுத்து அழித்துவிட்டார்கள். வாங்கியவருக்குக் கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

மொத்தத்தில் விளம்பரக் காசு மட்டும் ஆர்டருக்கு 2,100 ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. ஒரு ஆர்டரில் சரக்கின் விலையே சராசரி 1,500 ரூபாய்தான். பெரியப்பா நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் சமையல்கட்டிலிருந்து, "கடலைக்காரருக்கு இந்த மாசம் என்ன பதில் சொல்ல?" என்று அவரிடம் கேட்டார். எனக்குக் கேட்கட்டும் என்று கேட்டாரா தெரியாது. எனக்குக் கேட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

2024-ல் பெரியப்பாவே மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை 12,000. "விட்ட எடத்துலதான்லே தேடணும்" என்றார். நான் விளம்பரத்தைத் தொடவே இல்லை. முதலில் பெட்டியை எடுத்தேன்.

கேள்வியைத் திருப்பிப் போட்டேன். நம்மிடம் இருக்கிற சரக்கை எப்படி அனுப்புவது என்று யோசிக்காமல், அனுப்பக் கட்டுப்படியாகிற சரக்கு எது என்று பார்த்தேன். கனமாக, அடக்கமாக, உடையாமல், பால் இல்லாமல், ஒரு மாதமாவது கெடாமல் இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் வைத்துச் சலித்தால் தேன்குழல், அதிரசம், பால்கோவா எல்லாம் போய்விட்டன. கடைசியில் ஒரே ஒரு பெட்டிதான் நின்றது: கடலை மிட்டாய் 2 கிலோ, எள்ளுருண்டை 1 கிலோ, இட்லிப் பொடி அரை கிலோ, பருப்புப் பொடி அரை கிலோ, காராச்சேவு அரை கிலோ. காராச்சேவு எதற்கு என்றால், இடுக்குகளை நிரப்ப. காற்றுப் பைக்குக் கொடுக்கிற காசை அதற்குக் கொடுக்கலாமே! சரக்கு நாலரை கிலோ, பெட்டி, தாளோடு சரியாக 5 கிலோ. பெட்டி அளவு 35, 25, 20. கன அளவு எடை மூன்றரை கிலோதான் வருகிறது. அதனால் நிஜ எடைக்கே பில். காற்றுக்குக் காசு கிடையாது.

வாடிக்கையாளர் எதையும் மாற்ற முடியாது. பெட்டி ஒன்று, விலை ஒன்று, நாடு ஒன்று. அமெரிக்கா மட்டும். விலை 6,200 ரூபாய், அனுப்பும் செலவு உட்பட. எங்கள் கணக்கு: சரக்கின் அடக்க விலை 1,250, பெட்டியும் கட்டும் கூலியும் 150, கூரியர் 3,900, வெளிநாட்டு கார்டில் பணம் வாங்கினால் பிடித்தம் சுமார் 200. ஆக 5,500. மிச்சம் 700. ஒரு ஆர்டரைக் கொண்டுவர விளம்பரத்துக்கு 700-க்கு மேல் போனால் கைநட்டம். இந்த ஒரு எண் தெரியாமல்தான் போன வருடம் 30,000 ரூபாயைக் கரைத்திருந்தேன்.

காகித வேலையும் உண்டு. உணவுப் பாதுகாப்பு உரிமம் கடைக்கு ஏற்கெனவே இருந்தது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கினோம். அமெரிக்காவுக்கு உணவு விற்று அனுப்ப வேண்டுமானால், செய்கிற இடத்தை அவர்களுடைய எஃப்.டி.ஏ.வில் பதிய வேண்டும். அங்கே நமக்காக ஒரு முகவரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பார்சலும் போய்ச் சேருவதற்கு முன்னால் இணையத்தில் முன்னறிவிப்பு கொடுத்து, அந்த எண்ணைப் பெட்டியோடு அனுப்ப வேண்டும். வீட்டில் தன் கையால் செய்து சொந்தக்காரர்களுக்குப் பரிசாக அனுப்புகிற பலகாரத்துக்கு இந்த முன்னறிவிப்பு வேண்டாம். அதனால் சில முகவர்கள் "வீட்டுப் பலகாரம்னு எழுதிருங்க தம்பி, யார் பாக்கப் போறா" என்பார்கள். எழுதாதீர்கள். கடை முத்திரை போட்ட பாக்கெட்டை வைத்துக்கொண்டு வீட்டில் செய்தது என்றால், பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆள் சிரிப்பான். மிட்டாய் குப்பைக்குப் போகும். எள்ளும் கடலையும் இருப்பதை உறையில் தெளிவாக எழுதவும் வேண்டும். ஒவ்வாமை தரும் பொருட்கள் பட்டியலில் எள்ளையும் அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து சேர்த்துவிட்டார்கள்.

இனி விளம்பரம். இங்கேதான் தலைப்புக்கு வருகிறேன்.

2023-ல் வந்த 14 பேரோடு நடந்த உரையாடல்களை எல்லாம் திரும்பப் படித்தேன். அதில் 5 பேர் வெளிநாட்டில் இருப்பவர்களே இல்லை. "எம் பையனுக்கு அனுப்பணும்", "மக பிரசவத்துக்கு இருக்கா, எள்ளுருண்டை வேணும்" என்று இங்கிருந்து கேட்ட அம்மாக்கள், அப்பாக்கள். யாரோ விளம்பரத்தைப் பகிர்ந்து, சுற்றிச் சுற்றி அவர்களிடம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கிற அண்ணனுக்கு மிட்டாய் ஞாபகம் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் 6,200 ரூபாய் என்றதும் டாலரில் கணக்குப் போட்டு, "அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வாங்கிக்கலாம்" என்று தள்ளிப்போடுவார். அம்மா அப்படி இல்லை. அவர் ஏற்கெனவே பலகாரம் செய்து, கூரியர் கடை கடையாக விலை விசாரித்துக்கொண்டிருப்பவர். அனுப்பியே தீருவார். அவருக்குக் கவலை ஒன்றே ஒன்றுதான்: பெட்டி போய்ச் சேருமா, தீபாவளிக்கு முன்னால் சேருமா?

ஆகவே 12,000-ல் 8,000 ரூபாயைத் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், மதுரை மாவட்டங்களில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டேன். படத்தில் மிட்டாய்கூட இல்லை. கட்டி முடித்து முகவரி ஒட்டிய பெட்டி. மேலே, "பிள்ளை அமெரிக்காவிலா? தீபாவளிக்கு முன்னால் பெட்டி வாசலில் இருக்கும். அக்டோபர் 10-க்குள் சொல்லுங்கள்" என்று இரண்டு வரி. அழுத்தினால் நேரே வாட்ஸ்அப். அம்மாக்களுக்குப் படிவம் நிரப்பப் பிடிக்காது, பேச வேண்டும். அதனால் சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணி வரை நானே போன் எடுத்தேன். மிச்சம் 4,000 மட்டும் அமெரிக்காவில்.

அந்தத் தீபாவளிக்கு 32 பெட்டி போனது. அதில் 19 பெட்டி இங்கிருந்து அம்மா அப்பா சொன்னது. ஆர்டருக்கு விளம்பரச் செலவு 375 ரூபாய். பெட்டிக்கு மிச்சம் 325. மொத்தம் 10,400 ரூபாய். போன வருட நஷ்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது அடைத்தது. ஆனாலும் பெரியப்பா பெரியம்மாவைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார்.

இதோடு சுபம் போட்டிருக்கலாம். 2025 விடவில்லை.

800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு அமெரிக்காவில் வரி இல்லாமல் இருந்தது. எங்கள் மொத்தக் கணக்கும் அதன் மேல்தான் நின்றது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது வரி 50 சதவீதம் ஆகியிருந்தது. புதிய வரியை யார், எப்படி வசூலிப்பது என்பது தெளிவாகாததால், நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை வாங்குவதை நிறுத்தியது. மறுபடி தொடங்கியது அக்டோபர் 15. தீபாவளியோ அக்டோபர் 20!

நாங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே முன்பதிவு திறந்து 31 பேரிடம் பழைய விலைக்குப் பணம் வாங்கி வைத்திருந்தோம். கூரியரைவிட மலிவு என்று தபாலில் அனுப்பத் திட்டம். இப்போது கூரியர், வரி, அங்கே வரி கட்டிக் கொடுப்பதற்கான கட்டணம் எல்லாம் சேர்த்தால் பெட்டிக்கு 1,900 ரூபாய்க்கு மேல் கூடுதல். மிச்சமோ 700.

"பேசாம அனுப்பிருவோம் பெரியப்பா, வரிய அங்க வாங்குறவங்க கட்டிக்கட்டும்" என்றேன். பெரியப்பா முறைத்தார். "பிள்ளைக்கு அம்மா அனுப்புன மிட்டாய்க்கு அந்தப் பிள்ளை வாசல்ல நின்னு துட்டு கட்டணுமாக்கும்? போன போடுலே" என்றார். 31 பேருக்கும் போன் போட்டோம். உள்ளதைச் சொன்னோம். "1,200 ரூபாய் கூடக் கொடுத்தால் வரியோடு சேர்த்து அனுப்புகிறோம், வேண்டாம் என்றால் பணம் திரும்ப வரும்" என்றோம். 20 பேர் சரி என்றார்கள். 11 பேருக்கு அன்றைக்கே பணம் போனது. அந்த 20 பெட்டியில் லாபம் என்று எதுவும் நிற்கவில்லை. பணம் திரும்ப வாங்கியவர்களில் மூன்று அம்மாக்கள் கடைக்கே வந்து பெட்டியை வாங்கி, தங்கள் பெயரிலேயே பரிசாக அனுப்பிக்கொண்டார்கள். ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்புகிற 100 டாலருக்குள்ளான நிஜப் பரிசுக்கு வரி இல்லை. ஆனால் கடை தன் விற்பனையைப் பரிசு என்று எழுதி அனுப்பினால் அது பொய். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வரி விகிதம் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் இப்போது நாங்கள் முன்பதிவில் முழுப் பணம் வாங்குவதில்லை. பெயரை எழுதிக்கொண்டு 200 ரூபாய் மட்டும். பெட்டி கட்டுகிற வாரத்தில் கூரியரிடம் வரியும் சேர்த்து விலை கேட்டு, அதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சம் வாங்குகிறோம். அம்மாக்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "தெளிவா சொல்லுதீங்களே, அது போதும்" என்கிறார்கள்.

கடலைக்காரர் பாக்கி இந்தப் பொங்கலுக்குத்தான் முழுதாகத் தீர்ந்தது. அது வெளிநாட்டுக் காசில் தீரவில்லை, உள்ளூர் வியாபாரத்தில்தான் தீர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு மாற்றம். போன வாரம் கடையில் ஒருவர் வந்து, "கனடாவுக்கும் அனுப்புவீங்களா?" என்று கேட்டார். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. நேரே டேப்பை எடுத்து, "பெட்டிய அளப்போம், பொறவு சொல்லுதேன்" என்றார். :-)

உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாட்டுக்குப் பலகாரம் அனுப்பியிருந்தால், எந்த ஊருக்கு, எத்தனை கிலோ, என்ன செலவு, எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்று சொல்லுங்கள். கனடா கணக்குப் போட எனக்கு உதவியாக இருக்கும். அங்கே போடும்போது மறக்காமல் கச்சான் என்று எழுதுவேன்.